சனிக்கிழமை மாலை, ஒரே பக்கம்

வீடு கட்டுகிற எல்லோரும் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். சிமென்ட் கடைக்கு இவ்வளவு, மேஸ்திரிக்கு இவ்வளவு, எம்-சாண்ட் லோடுக்கு இவ்வளவு என்று தேதி போட்டு எழுதியிருக்கும். வேலை எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசியில் வரும் படங்கள் காட்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவருக்கு அந்தப் படங்கள்தான் கண். நோட்டு பணத்தைச் சொல்கிறது, படம் வேலையைச் சொல்கிறது. ஆனால் இந்த வேலைக்கு இந்தப் பணம் சரிதானா என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் கிடையாது.

அந்தப் பதிலைத் தருவது மூன்றாவதாக ஓர் எண். இதுவரை முடிந்த வேலைக்கு மதிப்பீட்டின்படி எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்பதே அது. அதை ஒரு பக்கம் உண்மைச் செலவோடும், மறுபக்கம் இந்த வாரத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலையோடும் வைத்துப் பார்த்தால், பணம் எங்கே கசிகிறது, நாள் எங்கே தள்ளிப்போகிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-ல் தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு இந்த முறையைக் கட்டாயமாக்கியது. பெரிய கட்டுமான நிறுவனங்கள் இன்றும் இதைத்தான் செய்கின்றன. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் இது பொருந்தும். சைட் இன்ஜினீயருக்கு வாரத்தில் இரண்டு மணி நேர வேலை, அவ்வளவுதான்.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி. உரிமையாளரே பொருள் வாங்கித் தருகிறார், கூலி மேஸ்திரிக்கு. மொத்த மதிப்பீடு 24 லட்சம் ரூபாய். இந்த 24 லட்சத்தை ஒரே தொகையாக வைத்திருந்தால் எந்த அறிக்கையும் எழுத முடியாது. முதல் நாளே கட்டம் கட்டமாகப் பிரித்துவிட வேண்டும். வானம் தோண்டி ஃபூட்டிங், காலம், பிளிந்த் பீம் போட்டு மண் நிரப்பும்வரை, அதாவது பேஸ்மென்ட் முடிய 4,20,000. சுவர் எழுப்பி லிண்டல், சன்ஷேடு போட்டு ரூஃப் மட்டம் வரை 4,00,000. ரூஃப் கான்கிரீட் 3,80,000. பூச்சு 2,60,000. மின்சார, குழாய் வேலைகள் 2,80,000. தரையும் டைல்ஸும் 2,40,000. கதவு, ஜன்னல் 2,20,000. பெயின்ட், கைப்பிடிச் சுவர், செப்டிக் டேங்க் போன்ற மிச்சம் எல்லாம் சேர்த்து 2,00,000. ஒவ்வொரு கட்டமும் எந்த வாரம் தொடங்கி எந்த வாரம் முடியும் என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் அடித்தளம் தயார்.

அடுத்து வருவதுதான் கடினமான இடம். வேலை எவ்வளவு முடிந்தது என்பதை எப்படிச் சொல்வது? "சுவர் கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு சார், ஒரு தொண்ணூறு பர்சென்ட்" என்று மேஸ்திரி சொல்வார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குக் கிடையாது. கண்ணுக்குச் சுவர் தெரிகிறது, அதனால் சொல்கிறார். லிண்டலுக்கு மேலே சாரம் கட்டி, கல்லைத் தூக்கிக் கொடுத்துக் கட்டும் வேலை கீழே கட்டியதைவிட மெதுவாகத்தான் நடக்கும் என்பது அந்தத் தொண்ணூறில் இல்லை. இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்லும் சதவீதம் இரண்டு வாரத்தில் தொண்ணூறுக்கு வந்து, பிறகு மூன்று வாரம் அங்கேயே நிற்கும்.

அதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் முடிந்ததா, முடியவில்லையா என்று ஆம், இல்லை என்றே சொல்லக்கூடிய சில நிலைகளை முன்கூட்டியே குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். இந்த வீட்டில் சுவர்க் கட்டத்துக்கு லிண்டல் மட்டம் வரை செங்கல் கட்டு 55 பங்கு, லிண்டலும் சன்ஷேடும் கான்கிரீட் போட்டால் 20 பங்கு, அதற்கு மேல் ரூஃப் அடிமட்டம் வரை 25 பங்கு. பாதி கட்டிய சுவருக்குப் பாதிப் பங்கு வேண்டுமானால் டேப் பிடித்து அளந்து கன அடியில் காட்ட வேண்டும். அளக்காத வேலைக்குப் பங்கு கிடையாது. ரூஃப் கட்டத்துக்கும் இப்படியே சென்ட்ரிங், கம்பி கட்டுதல், கான்கிரீட், சென்ட்ரிங் பிரித்தல் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒன்பதாவது வாரக் கடைசி, சனிக்கிழமை. திட்டப்படி இன்றைக்குச் சுவர் ரூஃப் மட்டத்தைத் தொட்டிருக்க வேண்டும். பேஸ்மென்ட் 4,20,000, சுவர் 4,00,000, ஆக 8,20,000 ரூபாய் மதிப்புள்ள வேலை நின்றிருக்க வேண்டும். உண்மையில் நிற்பது லிண்டலும் சன்ஷேடும் வரை. சுவருக்கு 75 பங்கு, அதாவது 3,00,000. பேஸ்மென்ட்டோடு சேர்த்து முடிந்த வேலையின் மதிப்பு 7,20,000. ஒரு லட்ச ரூபாய் வேலை பின்தங்கியிருக்கிறது. சுவர்க் கட்டத்துக்கு நான்கு வாரம் ஒதுக்கியிருந்ததால் வாரத்துக்கு ஒரு லட்சம் என்ற வேகம் வருகிறது. ஆகவே தாமதம் ஒரு வாரம். அறிக்கையில் உரிமையாளருக்கு ரூபாயாகச் சொல்வதைவிட 'ஒரு வாரம் பின்தங்கி இருக்கிறோம்' என்று நாளாகச் சொல்வதே புரியும்.

செலவுப் பக்கம் வருவோம். உரிமையாளரின் நோட்டில் இதுவரை வெளியே போன பணம் 8,70,000. முடிந்த வேலை 24 லட்சத்தில் 7,20,000, அதாவது 30 சதவீதம். இந்த இரண்டை மட்டும் வைத்து ஒருவர் கணக்குப் போட்டால், 30 சதவீதத்துக்கே 8,70,000 ஆனால் முழு வீட்டுக்கு 29 லட்சம் ஆகும் என்று வரும். பல வீடுகளில் உரிமையாளரும் இன்ஜினீயரும் சண்டை போட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான். ஐந்து லட்சம் கூடுதலா என்று அவருக்கு நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தில் மேஸ்திரியை மாற்றுவதும் நடக்கும், டைல்ஸில் தரம் குறைப்பதும் நடக்கும். ஆனால் இந்தக் கணக்கே தவறு.

வெளியே போன பணமும் முடிந்த வேலைக்கான செலவும் ஒன்றல்ல. நோட்டில் உள்ள 8,70,000-ல் ரூஃபுக்காக முன்கூட்டியே வாங்கி அடுக்கிய கம்பி 84,000 இருக்கிறது. கொட்டகையில் 40 மூட்டை சிமென்ட், மூட்டை 400 வீதம் 16,000. எம்-சாண்டும் ஜல்லியும் 12,000. அடுக்கில் மிச்சம் 600 செங்கல், 6,000. சென்ட்ரிங்காரருக்குக் கொடுத்த முன்பணம் 10,000. மொத்தம் 1,28,000. இவை எதுவும் இன்னும் வீடாகவில்லை, எனவே கழிக்க வேண்டும். நோட்டில் ஏறாதவையும் உண்டு. கடைசி லோடு செங்கலுக்கு 30,000 பாக்கி. சன்ஷேடு கான்கிரீட் போட்ட நாளுக்கான மிக்ஸர் வாடகையும் கூலியும் 28,000 இன்னும் கொடுக்கவில்லை. ஆக 58,000. வேலை முடிந்துவிட்டது, பணம்தான் போகவில்லை. எனவே கூட்ட வேண்டும். 8,70,000-ல் 1,28,000 கழித்து 58,000 கூட்டினால் முடிந்த வேலைக்கான உண்மைச் செலவு 8,00,000.

வாராந்தர அறிக்கைகள் பொய்யாவது பெரும்பாலும் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்யாமல் விடுவதால்தான். கம்பி வந்திறங்கிய வாரத்தில் வீடு மூழ்கிவிட்டதுபோலத் தெரியும். கடைக்காரரிடம் கடன் சொல்லி ஓட்டிய வாரத்தில் எல்லாம் மலிவாக முடிந்ததுபோலத் தெரியும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. பாக்கி பில்கள் ரூஃப் போட்ட பிறகு ஒரே நாளில் வந்து நிற்கும், அப்போது கையில் பணம் இருக்காது. அதனால் சனிக்கிழமை இன்ஜினீயர் செய்ய வேண்டிய முதல் வேலை இருப்பு எண்ணுவது. சிமென்ட்டில் நிறைந்த மூட்டையோடு காலிச் சாக்குகளையும் எண்ண வேண்டும். வந்த மூட்டை எண்ணிக்கை இந்த இரண்டின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ மூட்டை போயிருக்கிறது. சாக்கு பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கவும் கூடும். அதற்காகத்தான் காலிச் சாக்கைக் கட்டுக்கட்டாகக் கட்டி வைக்கச் சொல்வது.

சரி, 7,20,000 ரூபாய் வேலைக்கு 8,00,000 ஆகியிருக்கிறது. 80,000 கூடுதல். இதைக் கேட்டதும் சதவீதம் போட்டு நிறுத்திவிடாமல் எந்தக் கட்டத்தில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பேஸ்மென்ட்டுக்கு 4,20,000 என்று போட்டிருந்தது, ஆனது 4,62,000. ஐந்து அடியில் கெட்டி மண் கிடைக்கும் என்று நினைத்த இடத்தில் பழைய நிரப்பு மண் இருந்ததால் ஆறரை அடிவரை போக வேண்டியிருந்தது. அந்த 42,000 நடந்து முடிந்துவிட்டது. இனித் திரும்ப வராது.

மிச்சம் 38,000 சுவரில் இருக்கிறது. இதைத் துருவ, அளந்த வேலையைப் பொருளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழித்து லிண்டல் வரை கட்டிய சுவர் 720 கன அடி. கல்லின் அளவைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். இந்த வீட்டுக்கு வந்த கல்லை அடுக்கிப் பார்த்ததில் ஒரு கன அடிக்கு 13 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடைசல், வெட்டுக்கல் என்று நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் சுமார் 9,800 கல் போதும். வந்தது நான்கு லோடு, 12,000. மிச்சம் 600. போனது 11,400. அப்படியானால் 1,600 கல் எங்கே?

விசாரித்தால் பதில் வருகிறது. நடுவில் ஒருநாள் உரிமையாளர் வந்து, "வானம் தோண்டிய மண் கிடக்கிறதே, சம்ப் தொட்டியையும் இப்பவே கட்டிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மதிப்பீட்டில் தொட்டி கிடையாது. அதற்கு 1,200 கல் போயிருக்கிறது. கல், சிமென்ட், கூலி எல்லாம் சேர்த்து 24,000. இது விரயமோ திருட்டோ அல்ல, கூடுதல் வேலை. எழுதி வைக்காததால் சுவர்க் கணக்கில் கலந்து மேஸ்திரியின் தலையில் விழுந்திருக்கிறது. அறிக்கையில் கூடுதல் வேலைக்கு என்று தனி வரி இருந்தே ஆக வேண்டும். யார் சொன்னது, எந்தத் தேதி, எவ்வளவு ஆகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே அதில் எழுதி உரிமையாளரின் ஒப்புதலை வாங்கிவிட்டால், கடைசியில் வரும் பாதி வருத்தங்கள் வராது.

தொட்டியைக் கழித்தால் சுவரில் உண்மையான கூடுதல் 14,000. அதில் 400 கல்லுக்கு 4,000. உடைசல் அதிகம், அல்லது லோடில் எண்ணிக்கை குறைவு. அடுத்த லோடை இறக்கும்போது ஆள் நின்று எண்ணினால் எது என்று தெரிந்துவிடும். மிச்சம் 10,000 கூலி. மழையில் அரைநாளோடு நின்ற நாட்களுக்கும், கல் வராமல் கொத்தனாரும் சித்தாளும் உட்கார்ந்திருந்த ஒருநாளுக்கும் கொடுத்தது. மழையை யாராலும் தடுக்க முடியாது. கல் வராத நாளை இன்ஜினீயர் தடுத்திருக்கலாம். ஐந்து அல்லது பத்து விழுக்காடு கூடுதல் என்று ஒரு வரியில் முடித்துவிடும் அறிக்கையில் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

முடிவில் வீட்டுக்கு எவ்வளவு ஆகும்? இதைப் போடும் வழி பாடப்புத்தகங்களில் ஒன்று இருக்கிறது. 7,20,000-க்கு 8,00,000 ஆனால் அதே விகிதத்தில் 24 லட்சத்துக்கு 26,67,000 ஆகும். நூற்றுக்கணக்கான வேலைகள் உள்ள பெரிய திட்டங்களுக்கு அந்த வழி ஓரளவு சரி. ஒரு வீட்டுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. மண்ணுக்கடியில் ஆன கூடுதல் கதவு விலையை ஏற்றாது. டைல்ஸ் கடைக்காரருக்கும் உடைந்த செங்கலுக்கும் தொடர்பில்லை. சுவரில் கண்ட ஐந்து சதவீத நழுவல் அதே ஆட்கள் செய்யப்போகும் வேலைக்கு மட்டுமே தொடரும் என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம். லிண்டலுக்கு மேல் சுவர் 1,00,000, பூச்சு 2,60,000, ஆக 3,60,000-க்கு ஐந்து சதவீதம் 18,000. இதுவரை ஆன 8,00,000, மிச்ச வேலை 16,80,000, இந்த 18,000. மொத்தம் 24,98,000. நோட்டைப் பார்த்து 29 லட்சம் என்று பதறிய வீடு 25 லட்சத்துக்குள் நிற்கிறது. அந்தக் கூடுதலிலும் 24,000 உரிமையாளரே கேட்டு வாங்கிய தொட்டி.

இந்த எண்கள் காட்டாதவையும் இருக்கின்றன. ரூஃப் கான்கிரீட் போடும் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் வேலை முடிந்ததாக ஏறும். அடுத்த வாரங்களில் கிட்டத்தட்ட எதுவும் ஏறாது. தண்ணீர் கட்டி நிறுத்தி, முட்டு பிரிக்கக் காத்திருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டுக்கு, 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டைக் குறைந்தது 7 நாள், அதற்கு மேற்பட்ட தளத்துக்கும் ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கும் 14 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அந்த வாரம் அறிக்கையில் பூஜ்யம் இருந்தால் அது தாமதம் இல்லை. வேலை ஏறவில்லையே என்று முட்டை முன்னதாகப் பிரிக்கச் சொன்னால்தான் விபரீதம். ஆகவே திட்டத்திலேயே அந்த வாரங்களைக் காத்திருக்கும் வாரங்களாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவுகள். ரூஃபில் கான்கிரீட் போடும் முன்பே மின்சாரக் குழாயும் மின்விசிறிப் பெட்டியும் கம்பிக்குள் பதிய வேண்டும். எந்த அறையில் விசிறி எங்கே என்பது முடிவாகாவிட்டால் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ஆட்களும் தயாராக, தளம் காத்துக்கொண்டிருக்கும். இந்தத் தாமதத்துக்கு மேஸ்திரி என்ன செய்வார்? அதனால் அறிக்கையின் கடைசியில் இரண்டு வரி இருக்க வேண்டும். அடுத்த வாரம் எந்தத் தேதிக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பது ஒன்று. எந்தத் தேதிக்குள் உரிமையாளர் எதை முடிவு செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வரியை எல்லா இன்ஜினீயர்களும் எழுதுவார்கள். இரண்டாவதை எழுதுகிறவர் அரிது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒப்பந்தம் விட்டவர்கள், செலவு கான்ட்ராக்டர் பாடு, எனக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று நினைக்கலாம். அவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். அவர்கள் பார்க்க வேண்டியது கொடுத்த பணத்தையும் முடிந்த வேலையின் மதிப்பையும். இதே வீட்டை 24 லட்சத்துக்கு ஒப்பந்தம் விட்டு, முன்பணம் 10, பேஸ்மென்ட் முடிந்ததும் 20, லிண்டல் முடிந்ததும் 15 சதவீதம் என்று எழுதிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். லிண்டல் முடியும்போது கொடுத்திருப்பது 45 சதவீதம், 10,80,000. வேலையின் மதிப்பு 7,20,000. உரிமையாளரின் 3,60,000 ரூபாய் வேலையாக மாறாமல் கான்ட்ராக்டர் கையில் இருக்கிறது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் இன்னொரு சைட்டின் ரூஃபுக்குப் போயிருந்தால், இந்த வீட்டில் ஆள் குறையத் தொடங்கும். வேலை நின்றுபோன வீடுகளில் இந்த இடைவெளி பல வாரங்களுக்கு முன்பே திறந்திருக்கும். வாராவாரம் எழுதிப் பார்த்தால் அது விரிவது தெரியும், அடுத்த தவணையைச் சில நாள் நிறுத்திப் பேசவும் வழியுண்டு. கையெழுத்துப் போடும் முன்பே தவணைகளைக் கட்ட மதிப்போடு ஒட்டி எழுதிக்கொள்வது அதைவிட நல்லது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை கூலியை எடுத்துக் கொடுக்கும் முன் உங்கள் இன்ஜினீயரிடம் ஒரே பக்கம் கேளுங்கள். அளந்து எழுதிய வேலை, எண்ணி எழுதிய இருப்பு, கடையிலும் ஆட்களிடமும் உள்ள பாக்கி, நீங்கள் வாய்மொழியாகச் சொன்ன கூடுதல் வேலை, நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். அவர் அதை எழுதுவதற்குச் சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்கிக் கொடுங்கள், அந்த நேரத்தில் வேறு வேலை சொல்லாதீர்கள்.